குடியிருந்தவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதில் எழுதுவது எப்படி: வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. சென்னையில் ஒரு ஆபீஸில் பல வருஷமாக நோட்டீஸும் பதில் நோட்டீஸும் டைப் அடிக்கிறேன். வீட்டுக்காரர்கள் வந்து கேட்கிற சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் இங்கே சேர்த்து வைக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே கேஸைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். மடிப்பாக்கத்தில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்ட ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோட்டீஸ் வந்திருக்கு சார். பதில் போடாம விட்டா என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது. பதில் போடாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் விஷயம் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், அங்கே முதல் தடவையாக "மோட்டார் எரிந்துபோச்சு, அதனால்தான் தண்ணீர் வரவில்லை" என்று நீங்கள் சொன்னால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். அதற்கு நல்ல பதிலே கிடையாது. சம்பவம் நடந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தேதியோடு எழுதி அனுப்பிய பதிலுக்கு உள்ள மதிப்பு, இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிற கதைக்கு இருக்காது.

பதினஞ்சு நாளுக்குள்ள பதில் தரணும்னு போட்டிருக்கே, பதினாறாவது நாள் கேஸ் போட்டுடுவாங்களா?

அந்தப் பதினைந்து நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வைத்த கெடு. வீடு காலி செய்து அட்வான்ஸ் கேட்கிற விவகாரத்தில் சட்டம் வைத்த கெடு அல்ல. பில், ரசீது தேடி எடுக்க நேரம் பிடிக்கும் என்றால் இரண்டு வரியில் ஒரு கடிதம் போதும்: "தங்கள் நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது, ஆவணங்களைச் சேகரித்து வருகிறோம், இன்ன தேதிக்குள் விரிவான பதில் அனுப்புகிறோம்." அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்கு அதில் உள்ள தபால் முத்திரையும் ஒரு சாட்சி.

நானே எழுதலாமா, வக்கீல் மூலமாத்தான் போடணுமா?

நீங்களே எழுதலாம், தடை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீல் கண்ணில் காட்டிவிடுங்கள். எழுதும்போது முகவரி நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் பேரில் இருக்க வேண்டும், குடியிருந்தவர் பேரில் அல்ல. கடிதம் முழுக்க "உங்கள் கட்சிக்காரர்" என்றே வரும்.

இதில் ஒரு நன்மை உண்டு. "நீ", "அவன்" எதுவும் வராமல் மூன்றாம் மனிதரிடம் பேசுகிற மாதிரி எழுதும்போது பாதி சூடு தானாகவே இறங்கிவிடும்.

எல்லாமே பொய். 'எல்லாக் குற்றச்சாட்டையும் மறுக்கிறேன்'னு ஒரே வரியில போட்டா போதாதா?

போதாது. கோர்ட்டில் தாக்கல் செய்கிற எதிருரைக்கு ஒரு விதி இருக்கிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 8, விதி 3 முதல் 5 வரை. மொத்தமாக மறுத்தால் செல்லாது, ஒவ்வொன்றையும் குறிப்பாக மறுக்க வேண்டும், மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கண்டிப்பாகப் பார்த்தால் இந்த விதி நோட்டீஸுக்குப் பொருந்தாது. ஆனாலும் பதில் நோட்டீஸை அதே பழக்கத்தில் எழுதுவதுதான் வழக்கம், ஏனென்றால் நாளைக்கு அதுதான் எதிருரையாக மாறப்போகிறது.

அந்த விதியிலேயே மழுப்பல் மறுப்புக்கு ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பணம் வாங்கினாய் என்று ஒருவர் சொன்னால், "அந்தத் தொகையை வாங்கவில்லை" என்று மட்டும் சொல்வது மறுப்பாகாது. அதையோ அதில் ஒரு பகுதியையோகூட வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். எழுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன் என்கிறவருக்கு "எழுபதாயிரம் வாங்கவே இல்லை" என்று எழுதிவிட்டு, மனசுக்குள் "அறுபத்தைந்துதான் வாங்கினோம்" என்று நினைத்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பத்தி பத்தியா பதில்னா எப்படி? எங்கேருந்து ஆரம்பிக்கறது?

நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்து, பத்திகளுக்கு நம்பர் இல்லையென்றால் நீங்களே பென்சிலில் போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: உண்மை, உண்மையில்லை, எனக்குத் தெரியாது. பத்திக்கு ஒன்று என்று எழுதாதீர்கள். ஒரே பத்தியில் உண்மையும் பொய்யும் கலந்திருப்பதுதான் நோட்டீஸின் லட்சணமே.

டீச்சர் அம்மாவுக்கு வந்த நோட்டீஸ் இது. மாத வாடகை 14,000, அட்வான்ஸ் 70,000, 2022 ஜூனில் குடிவந்தார் என்பது முதல் இரண்டு பத்தி. மூன்றாவது, மே 31 அன்று காலி செய்து சாவி கொடுத்துவிட்டார். நான்காவது, அட்வான்ஸில் 21,500 அநியாயமாகப் பிடித்துக்கொண்டு மிச்சம் 48,500-ஐத் தாமதமாகக் கொடுத்தார். ஐந்தாவது, கூரை ஒழுகி கம்ப்யூட்டர் கெட்டது, அதற்கு 25,000. ஆறாவது, மே 20 அன்று தண்ணீரை நிறுத்தினார், அனுமதியில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தார். ஏழாவது, தகாத வார்த்தையில் திட்டினார். கடைசியில் மன உளைச்சலுக்கு 50,000, நோட்டீஸ் செலவு 5,000, ஆக மொத்தம் 1,01,500.

அம்மா முதலில் சொன்னது "எல்லாம் பொய்". ஓரத்தில் எழுதச் சொன்னதும் முதல் இரண்டு பத்தி முழுக்க உண்மை என்று வந்தது. மூன்றாவதில் காலி செய்தது உண்மை, ஆனால் சாவி வந்தது ஜூன் 4. நான்காவதில் பிடித்த தொகை உண்மை, "அநியாயமாக" என்பதுதான் தகராறு. இப்படிப் பிரித்தால் சண்டை போட வேண்டிய இடம் ஐந்தாறு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

'உண்மை'ன்னு ஒத்துக்கிட்டா நாமளே மாட்டிக்க மாட்டோமா?

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கிறது. அதை மறுத்தால் மற்ற மறுப்புகளின் மீதும் நம்பிக்கை போய்விடும். "பத்தி 1, 2-இல் உள்ள விவரங்கள் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகருங்கள்.

காட்ட வேண்டிய ஜாக்கிரதை வேறு இடத்தில் இருக்கிறது: உண்மையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரை ஒப்புக்கொள்ளாதீர்கள். தாமதத்தையே பாருங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி (2017-இல் இயற்றியது) காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். சாவி ஜூன் 4 என்று வைத்தாலும் ஜூலை 4-க்குள் கொடுத்திருக்க வேண்டும், அம்மா கொடுத்தது ஜூலை 10. நாங்கள் எழுதியது: "தொகை 10.7 அன்று அனுப்பப்பட்டது. மின்கட்டணப் பாக்கி தெரிவதற்குக் காத்திருந்ததால் ஆறு நாள் தாமதமானது." "வேண்டுமென்றே இழுத்தடித்தார்" என்பதை அடுத்த வரியிலேயே மறுத்தோம்.

பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை புடிக்கறது ஊர் வழக்கம்தானே?

ஊர் வழக்கம்தான், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எந்த ரிப்பேரைச் செய்வது என்று பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய், கீசர் ரிப்பேர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம்.

அம்மா பிடித்த 21,500-ஐப் பிரித்துப் பார்த்தோம். பெயிண்டிங் 14,000, ஈ.பி. பாக்கி 2,360, கீசரும் இரண்டு குழாயும் 3,900, உடைந்த இரண்டு ஜன்னல் கண்ணாடி 1,240. பின்னால் உள்ள மூன்றும் சேர்ந்து 7,500, அதற்குப் பில் இருக்கிறது, அட்டவணையும் நம் பக்கம். பெயிண்டிங் 14,000-க்குப் பில்லும் இல்லை, அட்டவணையும் எதிர்ப் பக்கம். "பெயிண்டிங்குக்காகக் கழித்த 14,000-ஐ இத்துடன் திருப்பி அனுப்புகிறோம், மீதி 7,500-க்கான ரசீது நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதிவிடலாம் என்றார் எங்கள் வக்கீல். அம்மாவுக்கு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. ஆனால் இந்தப் பதிலிலேயே பலமான வரி அதுதான் என்பது என் அபிப்பிராயம். நிற்காத ஒன்றைத் தானாக விட்டுவிட்டவர் மீதி மூன்றைக் கணக்கோடு பிடித்துக்கொள்ளும்போது, அந்த 7,500-க்காகக் கேஸ் போட யாருக்கும் கை வராது.

தண்ணி வரலைங்கறது உண்மை, ஆனா நான் நிறுத்தல. இதை எப்படி எழுதறது?

நோட்டீஸில் மிக ஆபத்தான குற்றச்சாட்டு இதுதான், பதிலில் அதிக இடம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். வாடகை பாக்கியே இருந்தாலும் தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. வாடகை அதிகாரி விசாரித்து நஷ்ட ஈடு விதிக்கலாம்.

அதனால் "தண்ணீரை நிறுத்தவில்லை" என்று இரண்டு சொல்லில் முடித்தால் அது மழுப்பல் மாதிரியே தெரியும். அன்றைக்கு நடந்ததை மணி வாரியாக எழுதுங்கள். எங்கள் பதிலில் போனது கிட்டத்தட்ட இப்படி: "20.5 அன்று காலை சுமார் எட்டு மணி முதல் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பது உண்மை. மோட்டார் காயில் எரிந்ததே காரணம். அதே மோட்டாரிலிருந்து கீழ்த்தளத்துக்கும் தண்ணீர் போகிறது, எங்கள் கட்சிக்காரருக்கும் அன்று தண்ணீர் இல்லை. மெக்கானிக் அன்று மாலை மோட்டாரைக் கழற்றிப்போய் மறுநாள் மதியம் மாட்டினார். ரசீது நகல் இணைப்பு 4. வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது என்பது மறுக்கப்படுகிறது." கீழ்வீட்டுக்கும் தண்ணீர் இல்லை என்கிற அந்த ஒரு விவரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசும்.

வீட்டுக்குள் நுழைந்தார் என்பதற்கும் இதே முறைதான். சட்டப்படி வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அம்மா போனில் மட்டும் சொல்லிவிட்டு, புதிதாகக் குடிவரப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தது குடியிருந்தவரின் மனைவி. அதை அப்படியே எழுதினோம். எழுத்தில் தெரிவித்தோம் என்று இல்லாததைச் சேர்க்கவில்லை.

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம். எனக்குத் தெரியவே தெரியாத விஷயத்துக்கு என்ன பதில்?

முன்னால் சொன்ன மூன்றாவது குறிப்பு இதற்குத்தான். தெரியாததைப் "பொய்" என்று எழுதாதீர்கள், நாளைக்கு சர்வீஸ் சென்டர் பில்லைக் காட்டினால் நீங்கள்தான் பொய்யர் ஆவீர்கள். "இது எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாது, உங்கள் கட்சிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்" என்பதே சரியான வாக்கியம். கூடவே கேட்டுவிடுங்கள்: எந்தத் தேதியில் கெட்டது, ரிப்பேர் பில் எங்கே, அப்போது ஏன் தெரிவிக்கவில்லை?

ஆனால் ஒழுகியது அம்மாவுக்குத் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் பாதி மொட்டைமாடி ஒழுகியது. குடியிருந்தவர் டிசம்பர் 5 அன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார், அம்மா ஜனவரியில் வாட்டர் புரூஃபிங் செய்திருக்கிறார். நோட்டீஸோ நவம்பரிலேயே சொல்லியும் கண்டுகொள்ளவில்லை என்கிறது. ஆகவே ஒரே பத்திக்கு மூன்று பதில்: ஒழுகியது உண்மை, நவம்பரில் சொன்னதும் கண்டுகொள்ளாததும் உண்மையில்லை, கம்ப்யூட்டர் தெரியாது.

அவங்க நாக்கூசாம எழுதியிருக்காங்க. நான் மட்டும் எதுக்கு மரியாதையா எழுதணும்?

உங்கள் பதிலை எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரரிடம் படித்துக் காட்டுவார் என்பதை நினைவில் வையுங்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட ஒரு வரி: "அவன் குடும்பமே ஏமாத்துக் குடும்பம்." அதை அடித்தேன். அது எந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் ஆகாது, ஆனால் அடுத்த நோட்டீஸில் அவதூறு என்று இன்னொரு பத்தி நிச்சயம் வரும்.

அடிக்க வேண்டிய சொற்களுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் விவரம் ஏதாவது குறைகிறதா என்று பார்ப்பேன். "பேராசையால் அனுப்பிய இந்தப் பொய் நோட்டீஸ்" என்பதில் "பேராசையால்", "பொய்" இரண்டையும் எடுத்தாலும் ஒன்றும் குறையாது, ஆகவே எடுத்துவிடலாம். "கிரிமினல் நடவடிக்கை எடுப்போம்", "கடும் விளைவுகளைச் சந்திக்க நேரிடும்" வகையறாவும் அப்படியே. திட்டியதாகச் சொன்ன ஏழாம் பத்திக்கு எங்கள் பதில் ஒரே வரி: "பத்தி 7 மறுக்கப்படுகிறது. அப்படிப் பேசப்பட்டதாகச் சொல்லப்படும் தேதியோ இடமோ குறிப்பிடப்படவில்லை."

அவர் மேல எனக்கும் நாலு புகார் இருக்கு. அதையும் இதிலேயே சேர்த்துடலாமா?

கணக்கில் சேர்கிற புகார் என்றால் சேர்க்கலாம், கீசர் மாதிரி. மாடியில் நாய் வளர்த்தார், ராத்திரி சத்தம் போட்டார், சாக்கடையில் எண்ணெய் ஊற்றினார் என்பதற்கெல்லாம் இங்கே இடம் இல்லை. அவர் காலி செய்து போய்விட்டார். பழைய புகார்களை இப்போது எழுதினால் நோட்டீஸ் வந்த கோபத்தில் சொல்கிற மாதிரிதான் இருக்கும், அவரும் ஒவ்வொன்றுக்கும் மறுபடி பதில் எழுதுவார்.

வாடகை ஒப்பந்தத்தை நாங்க பதிவே பண்ணல. நோட்டீஸ்ல அது இல்ல. நாமளே சொல்லணுமா?

வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில். ஆனால் "முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தப்படி" என்று பழைய டிராஃப்டிலிருந்து ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதைப் பார்த்து நீக்குங்கள். எங்கள் ஆபீஸிலேயே ஒருதடவை அது நடந்தது, என் தப்புதான். வாடகை அதிகாரியிடம் பதியாமலிருந்தது தனிப் பிரச்சினை, அதை உங்கள் வக்கீலிடம் நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

பேசி முடிச்சிடலாம்னு தோணுது. ஒரு தொகையை இதிலேயே சொல்லிடலாமா?

பதில் நோட்டீஸில் சொல்லாதீர்கள். பெயிண்டிங் 14,000 நாம் தரவேண்டியது என்று முடிவு செய்து கொடுத்தது, அது பேரம் இல்லை. "இன்னும் ஐயாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள்" என்பது பேரம். அதைத் தனிக் கடிதமாக, சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை மேலேயே எழுதி அனுப்ப வேண்டும். அப்படி நிபந்தனையோடு எழுதியதை உரிமையியல் வழக்கில் ஒப்புதலாகக் காட்ட முடியாது. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எது ஒப்புதல், எது பேரம் என்றே தெரியாமல் போய்விடும்.

பேச விருப்பம் இருப்பதைக் காட்டப் பதிலின் கடைசியில் ஒரு வரி போதும்: "ரசீதுகளின் அசலைப் பார்க்க விரும்பினால் எங்கள் அலுவலகத்தில் பார்க்கலாம்."

எதுல அனுப்பறது? வாட்ஸ்அப்ல போட்டா போதுமா?

தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் கூடுதலாக இருக்கட்டும். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி, டெலிவரி ஆனதற்கான சான்றும் வேண்டும் என்று கேளுங்கள். ரசீது நம்பரைப் பதிலின் நகலிலேயே எழுதி வையுங்கள். அனுப்பிய கட்டு முழுவதையும், இணைப்புகள் உட்பட, ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட வேண்டும். எந்த ரசீது இணைப்பு 3, எது இணைப்பு 4 என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நம்ம பதிலுக்கு அவங்க மறுபடி ஒரு பதில் அனுப்பினா?

புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "எங்கள் இன்ன தேதியிட்ட பதிலையே உறுதி செய்கிறோம்" என்று இரண்டு வரி. புதிய குற்றச்சாட்டு இருந்தால் அதற்கு மட்டும் பதில், பழையதற்கு உங்கள் பத்தி நம்பரைக் காட்டுங்கள்.

டீச்சர் அம்மா விஷயத்தில் மறு நோட்டீஸ் வரவில்லை. பதில் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அந்த வக்கீல் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. கீசர் பில்லில் தேதி தெளிவாக இல்லையாம், அசலைப் பார்க்க வேண்டுமாம். அவர்கள் குமாஸ்தா வந்து பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கணக்கு தீர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது, அதில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.